பிளான் அப்ரூவலுக்குப் போகுமுன் ஒரு கடிதம்

திருச்சியின் புறநகரில் என் அக்கா வீடு கட்டப்போகும் மனை 30 அடி அகலம், 50 அடி நீளம், கிழக்குப் பார்த்தது. ஆர்க்கிடெக்ட் அனுப்பிய முதல் வரைபடம் வாட்ஸ்அப்பில் வந்த அன்று இரவு, நாங்கள் எல்லோரும் போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஹால், சமையலறை, சாப்பிடும் இடம், கீழே ஒரு படுக்கையறை, மேலே இரண்டு, மாடியில் இன்னொரு சின்ன ஹால். “நல்லாருக்கு மேடம், ஆனா ரூம் கொஞ்சம் பெருசா, வெளிச்சமா, பட்ஜெட்டுக்குள்ள வர்ற மாதிரி பாருங்க” என்று அக்கா பதில் தட்டச்சு செய்துவிட்டாள். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அத்தான் தடுத்தார். “இதைப் படிச்சா அவங்க எந்தக் கோட்டை நகர்த்துவாங்க?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. அறையைப் பெரிதாக்கினால் செலவு ஏறும். செலவைக் குறைத்தால் அறை சுருங்கும். மூன்றையும் ஒரே வரியில் கேட்டால், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை வரைபவரே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் செய்தியை அழித்துவிட்டு, அடுத்த பத்து நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். வீடு கட்டப்போகும் வேறு யாருக்கும் பயன்படட்டும் என்று அந்தக் கடிதம் உருவான கதையை இங்கே எழுதுகிறேன்.

கடிதத்துக்குரிய நேரம் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை இருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி என்றால், வரைபடத்தை இணையத்தில் ஏற்றி, கட்டணம் கட்டி, விதிப்படி கட்டுவேன் என்று உறுதிமொழி கொடுத்தால் உடனே அனுமதி கிடைத்துவிடும். முன்கூட்டியே வந்து பார்க்கும் கள ஆய்வு கிடையாது. வசதிதான். ஆனால் முன்பெல்லாம் அனுமதிக்குக் காத்திருந்த வாரங்களில் வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேரம் கிடைத்தது. இப்போது அந்த இடைவெளி இல்லை. அனுமதி வந்த வரைபடத்தை வைத்துத்தான் வங்கி கடன் தருகிறது. அதே அளவை வைத்துத்தான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தூண், பீம், கம்பி எல்லாம் கணக்குப் போடுகிறார். அதற்குப் பிறகு ஒரு சுவரை 2 அடி தள்ளினால் தூண் இடம் மாறும், கம்பிக் கணக்கு மாறும், திருத்திய வரைபடத்துக்கு மறுபடி அனுமதி வாங்கவேண்டி வரலாம். நாம் ஒப்புதல் சொன்ன பிறகு கேட்கும் மாற்றத்துக்குக் கூடுதல் கட்டணம் என்பதும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. ஆக, கடிதம் போகவேண்டிய நேரம் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் தொடங்குவதற்கும் முன்னால்.

முதலில் அறை அளவை எடுத்துக்கொண்டோம். கீழ்த்தளப் படுக்கையறை அக்காவின் மாமியாருக்கு. எழுபத்தெட்டு வயது, வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். வரைபடத்தில் அந்த அறை 10 அடிக்குப் பத்தரை அடி, அதாவது 105 சதுர அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு வீட்டின் முதன்மை அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் கேட்கிறது. அது ஏறக்குறைய 102 சதுர அடி. விதிப்படி அறையில் குறை இல்லை. கட்டில் போட்டு, பக்கத்தில் பீரோ வைத்து வரைந்துகூடக் காட்டியிருந்தார்கள். பார்த்தால் தாராளமாகத் தெரிந்தது.

சந்தேகம் வந்தது அத்தானுக்குத்தான். வரைபடத்தை அச்செடுத்து, அறையின் 10 அடிக் கோட்டை ஸ்கேலால் அளந்து, அதே கணக்கில் கட்டிலையும் அளந்தார். படத்திலிருந்த கட்டில் ஆறு அடிக்கு நாலு அடி. வீட்டிலிருக்கும் கட்டில் ஆறரைக்கு ஐந்து. பீரோவின் ஆழம் படத்தில் ஒன்றரை அடி; வாங்கப்போகும் அலமாரி 2 அடி. யாரும் ஏமாற்ற நினைத்து இப்படிச் செய்வதில்லை. கணினியில் தயாராக இருக்கும் கட்டில் படத்தை எடுத்து ஒட்டுகிறார்கள்; உங்கள் வீட்டுக் கட்டிலின் அளவு அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் வரைபடம் கையில் கிடைத்ததும் முதலில் அளக்கவேண்டியது அதற்குள் வரைந்திருக்கும் சாமான்களை. சுவரை அளப்பது அதற்கப்புறம் போதும்.

மறுநாள் சாயங்காலம் வாடகை வீட்டு மொட்டைமாடியில் சாக்பீஸால் அந்த அறையை நிஜ அளவில் வரைந்தோம். கட்டில் அளவுக்குச் செய்தித்தாள்களை ஒட்டி விரித்து, மூலைகளில் செங்கல் வைத்தோம். அலமாரிக்கு ஒரு கட்டம், அறைக் கதவுக்கு ஒரு வளைவு, குளியலறைக் கதவுக்கு இன்னொரு வளைவு. “அத்தை, இதுதான் உங்க ரூம். உள்ள வந்து பாருங்க” என்று அக்கா கூப்பிட்டாள். அத்தை வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். கட்டிலின் கால்மாட்டுக்கும் அலமாரிக்கும் நடுவில் வந்ததும் நின்றுவிட்டார். 10 அடியில் கட்டில் நீளம் ஆறரை போனால் மிச்சம் மூன்றரை. அதில் அலமாரிக்கு 2 அடி போனால் நடக்க ஒன்றரை அடி. வாக்கரின் அகலமே 2 அடிக்குக் கொஞ்சம் மேலே. “ஏம்மா, நான் ராத்திரி எந்திரிச்சா எப்படிப் போறது?” என்று மட்டும் கேட்டார்.

கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அப்படிப் போட்டால் நடைவழி கிடைத்தது, ஆனால் குளியலறைக் கதவு கட்டிலில் இடித்தது. செய்தித்தாளை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில், 11 அடிக்கு 12 அடி இருந்தால் கட்டிலின் ஒரு பக்கமும் கால்மாட்டிலும் வாக்கர் திரும்ப இடம் வருகிறது என்று தெரிந்தது. 27 சதுர அடிதான் கூடுதல். இதை ‘ரூம் கொஞ்சம் பெருசா’ என்று எழுதியிருந்தால் ஒருவேளை 10 அடி 11 ஆகியிருக்கும், நடைவழி அப்படியே நெருக்கமாக இருந்திருக்கும்.

குளியலறைக் கதவும் அப்போதுதான் கண்ணில் பட்டது. வரைபடத்தில் இரண்டரை அடி. நிலைச்சட்டத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம் போனால் உள்ளே 25 அங்குலம்தான் மிஞ்சும். வாக்கர் நிலையில் உரசும். கதவு உள்பக்கம் திறப்பதாக வேறு இருந்தது. வயதானவர் உள்ளே வழுக்கி விழுந்து கதவை ஒட்டிக் கிடந்தால், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. 3 அடிக் கதவு, வெளிப்பக்கம் திறப்பு என்று குறித்துக்கொண்டோம்.

அறை அளவைப் பற்றி இன்னும் ஒன்று. வரைபடத்திலுள்ள 10 அடி பெரும்பாலும் செங்கல்லிலிருந்து செங்கல் வரை. பூச்சு இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் தின்றுவிடும். நடக்க இது பெரிய விஷயம் இல்லை. சுவருக்குச் சுவர் அளவெடுத்து அலமாரி செய்பவருக்குப் பெரிய விஷயம். அளவுகள் பூச்சுக்கு முன்பா பின்பா என்று ஒரு வரி கேட்டுவிட்டால் போதும்.

அடுத்தது வெளிச்சம். எங்களை அதிகம் திணறடித்தது இதுதான். சாப்பிடும் இடம் வீட்டின் நடுவில், தெற்குச் சுவரை ஒட்டி இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. தெற்கே ஐந்துக்கு நாலு அடி ஜன்னல், அதாவது 20 சதுர அடி. ஈரவெப்பமான பகுதிகளுக்கு விதித்தொகுப்பு கேட்பது தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு. 120-இல் ஆறில் ஒரு பங்கு சரியாக 20. கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் தெற்கே பக்கத்து வீடு மாடியோடு நிற்கிறது. எங்கள் தரைமட்டத்திலிருந்து பார்த்தால் 20 அடி உயரச் சுவர். எங்கள் பக்கம் விட்ட மூன்றரை அடியும் அவர்கள் விட்ட 3 அடியும் சேர்த்து, ஜன்னலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஆறரை அடிதான். விதி ஜன்னலின் பரப்பைத்தான் கேட்கிறது. அந்த ஜன்னல் வழியாக வானம் தெரியுமா என்று கேட்பதில்லை. அறைக்குள் வரும் பகல் வெளிச்சத்தில் பெரும்பங்கு வானத்திலிருந்து நேராக வருவது. உட்காரும் இடத்திலிருந்து ஒரு துண்டு வானம்கூடத் தெரியவில்லை என்றால் அங்கே பகலிலும் விளக்குப் போடவேண்டி வரும்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு மனைக்குப் போனோம். ஜன்னல் வரவேண்டிய இடத்தில் அத்தான் ஒரு மூங்கில் கழியை நிறுத்திப் பிடித்தார். அதில் 7 அடி உயரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தோம், அது லிண்டல் மட்டம். அங்கிருந்து 6 அடி உள்ளே, சாப்பாட்டு மேசை வரும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்தாள். ரிப்பனுக்குக் கீழே என்ன தெரிகிறதோ அதுதான் ஜன்னல் வழியாகத் தெரியப்போவது. பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும்தான் தெரிந்தது. காகிதத்திலும் கணக்கு அதையே சொல்கிறது. உட்கார்ந்தவரின் கண் 4 அடியில், லிண்டல் 7 அடியில். 6 அடி தூரத்துக்கு 3 அடி ஏறும் பார்வை, இன்னும் ஆறரை அடி போய்ப் பக்கத்துச் சுவரைத் தொடும்போது பத்தே கால் அடி உயரத்தில்தான் இருக்கும். சுவரோ 20 அடி.

அக்கா உடனே, “பெரிய ஜன்னலா வைக்கச் சொல்லிடலாம்” என்றாள். ஜன்னலை இரண்டு மடங்கு அகலமாக்கினாலும் தெரியப்போவது இன்னும் அகலமான சுவர்தான். சுவரை உள்ளே தள்ளி ஒரு சின்ன முற்றம் விடலாமா என்று எனக்கு யோசனை. அதையும் கழியை 5 அடி நகர்த்தி, நாற்காலியையும் அதே அளவு பின்னுக்கு இழுத்துப் பார்த்தோம், வானம் தெரியவில்லை. கடைசியில், எங்களுக்குத் தெரிந்த தீர்வை எழுதாமல், பார்த்ததை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தோம். நல்ல முடிவு என்று பிறகு தெரிந்தது.

மூன்றாவது, பணம். கையிருப்பும் வங்கிக் கடனும் சேர்த்து 38 லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை. கான்ட்ராக்டர் சொன்ன விலை சதுர அடிக்கு 2,400 ரூபாய். வரைபடத்தில் கட்டடப் பரப்பு 1,640 சதுர அடி. பெருக்கினால் 39 லட்சத்து 36 ஆயிரம். கிட்டத்தட்ட சரிதானே, ஒன்றரை லட்சம் புரட்டிவிடலாம் என்று தோன்றும். பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். சதுர அடி விலையில் பெரும்பாலும் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், போர்வெல், மின் இணைப்பு, ஆர்க்கிடெக்ட் கட்டணம், அனுமதிக் கட்டணம் எதுவும் அடங்காது. அவற்றைத் தனித்தனியே விசாரித்துக் கூட்டியதில் எங்களுக்கு நாலரை லட்சம் வந்தது. எதிர்பாராத செலவுக்கு 2 லட்சமாவது ஒதுக்கவேண்டும். ஆக அந்த வரைபடத்தின் உண்மையான விலை 46 லட்சத்தை நெருங்குகிறது.

இதைத் திருப்பிப் போட்டால்தான் ஆர்க்கிடெக்டுக்குப் பயன்படும் எண் கிடைக்கும். 38-இலிருந்து நாலரையும் இரண்டும் கழித்தால் முப்பத்தொன்றரை லட்சம். அதை 2,400-ஆல் வகுத்தால் 1,312 சதுர அடி. ‘பட்ஜெட்டுக்குள்’ என்பதை வைத்துக் கோடு போட முடியாது; ‘1,312 சதுர அடிக்கு மேல் வேண்டாம்’ என்பதை வைத்துப் போடலாம். 328 சதுர அடி குறையவேண்டும், அதோடு அத்தை அறைக்கு 27 கூடவேண்டும். ஆக மற்ற இடங்களிலிருந்து 355 எடுக்கவேண்டும். எதை எடுப்பது என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. மாடி ஹால் 144, பால்கனி 60, கீழே வெறும் நடைபாதையாகப் போன இடம் 56, மூன்றாவது கழிப்பறை 40. மொத்தம் 300, அவற்றின் சுவர்களையும் சேர்த்தால் 355 வரை வருகிறது. பால்கனிக்காக அக்கா கொஞ்சம் வருத்தப்பட்டாள். மொட்டைமாடி இருக்கிறதே என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

இப்படி எழுதி முடித்த கடிதம் இது.

“மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். நீங்கள் அனுப்பிய தரைத்தள, முதல்தள வரைபடங்களை (ஆர்-1) பார்த்தோம். வாசல், ஹால், சமையலறை, மாடிப்படி அமைந்த விதம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது; அவற்றில் மாற்றம் வேண்டாம். அனுமதிக்கு ஏற்றுவதற்கும், ஸ்ட்ரக்சுரல் வேலை தொடங்குவதற்கும் முன்பு கீழ்க்கண்டவற்றைத் திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கண்டிப்பாக வேண்டியவை மூன்று. ஒன்று, மொத்தக் கட்டடப் பரப்பு 1,312 சதுர அடியைத் தாண்டக்கூடாது. எங்களிடம் உள்ளது 38 லட்சம். கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறோம். இதற்காக மாடி ஹால், பால்கனி, கீழ்நடைபாதை, மூன்றாவது கழிப்பறை ஆகியவற்றை விட்டுவிடச் சம்மதம். இரண்டு, கீழ்ப் படுக்கையறை வாக்கர் பிடித்து நடக்கும் பெரியவருக்கானது. கட்டில் ஆறரைக்கு 5 அடி, அலமாரி ஆழம் 2 அடி. இவற்றைப் போட்டபின் கட்டிலின் ஒரு பக்கமும் கால்மாட்டிலும் 3 அடி நடைவழி வேண்டும். சாக்பீஸால் வரைந்து பார்த்ததில் 11-க்கு 12 அடி தேவைப்பட்டது. குளியலறைக் கதவு 3 அடி, வெளிப்பக்கம் திறக்கவேண்டும். மூன்று, சாப்பிடும் இடத்தில் மேசையருகே உட்கார்ந்தால் காலை 11 மணிக்கும் வானம் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கிறது. பகலில் விளக்கில்லாமல் அங்கே சாப்பிடவும் பிள்ளைகள் படிக்கவும் வெளிச்சம் வேண்டும். எப்படி என்பதை உங்களிடம் விடுகிறோம்.

முடிந்தால் நல்லது என்று கேட்பது ஒன்றே. மேல்தள மேற்கு அறையில் பிற்பகல் வெயில் குறைய ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். செலவு கூடினால் வேண்டாம்.

வரைபட அளவுகள் பூச்சுக்கு முன்பா பின்பா என்றும், இந்தத் திருத்தம் நாம் பேசிய கட்டணத்துக்குள் வருமா என்றும் தெரிவியுங்கள். ஒவ்வொன்றுக்கும் முடியும், முடியாது, அல்லது வேறு வழி என்று எழுத்தில் பதில் தந்தால் நாங்கள் வீட்டில் பேசி முடிவு சொல்ல உதவியாக இருக்கும். எங்கள் எழுத்து ஒப்புதல் வரும்வரை அனுமதிக்கு ஏற்றவேண்டாம். நன்றி.”

பிடித்ததை முதலில் சொன்னது மரியாதைக்காக மட்டும் அல்ல. எதைத் தொடக்கூடாது என்று சொல்லாவிட்டால், ஒன்றைத் திருத்தும்போது நன்றாக இருந்த இன்னொன்றும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

ஐந்தாம் நாள் ஆர்க்கிடெக்டே போன் செய்தார். “மாடி ஹால் வேண்டாம்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே உங்க வெளிச்சத்துக்கு வழி கிடைச்சிருச்சு” என்றார். முதல் வரைபடத்தில் சாப்பிடும் இடத்தின் தலைக்கு மேலே இருந்தது அந்த மாடி ஹால்தான். அது போனதும் மேலே வெறும் மொட்டைமாடி. அந்த இடத்தின் கூரையை மட்டும் இரண்டரை அடி உயர்த்தி, வடக்குப் பக்கம் 2 அடி உயரத்துக்குக் கண்ணாடி வைத்தால், மொட்டைமாடிக்கு மேலே திறந்து கிடக்கும் வானத்திலிருந்து வெளிச்சம் நேராக மேசைமேல் இறங்கும். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை திருச்சியில் நண்பகல் சூரியன் தலைக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும் என்பதால், கண்ணாடிக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேடு போட்டிருந்தார். செலவு எழுபதாயிரம் கூடும், ஒதுக்கி வைத்த இரண்டு லட்சத்திலிருந்து எடுக்கவேண்டும் என்று சொன்னார், அத்தான் ஒத்துக்கொண்டார். நாங்கள் ‘பெரிய ஜன்னல்’ என்றோ ‘முற்றம்’ என்றோ எழுதியிருந்தால் அவர் அதையே வரைந்து தந்திருப்பார்.

மேற்கு அறை வெயிலுக்கு, அலமாரியை மேற்குச் சுவரோடு சேர்த்து வைத்து, ஜன்னலை வடக்குச் சுவருக்கு மாற்றியிருந்தார். வெயில் ஏறும் சுவருக்கும் படுப்பவருக்கும் நடுவே 2 அடி அலமாரி. செலவு இல்லை. அளவுகள் பூச்சுக்கு முன்பானவை என்றும், இரண்டு திருத்தம் வரை கட்டணத்துக்குள் அடக்கம் என்றும் எழுதியிருந்தார்.

ஆர்-2 வந்ததும் மறுபடி மொட்டைமாடிக்குப் போனோம். மழையில் பழைய கோடுகள் அழிந்திருந்தன. 11-க்கு 12 வரைந்து, செய்தித்தாள் விரித்தோம். அத்தை கட்டிலைச் சுற்றிப் போய், வாக்கரைத் திருப்பி, குளியலறை வாசல்வரை நிற்காமல் நடந்தார். அக்கா அந்த வாசலில் கதவின் வளைவை வரைவதற்காகக் குனிந்து வரைபடத்தைப் பார்த்தாள். அகலம் 3 அடி ஆகியிருந்தது. திறப்பு மட்டும் இன்னும் உள்பக்கமே இருந்தது. அதைச் சொல்லி ஒரு வரி எழுதினாள். சாயங்காலத்துக்குள் ஆர்-3 வந்தது. கதவை இன்னொரு முறை பார்த்துவிட்டு, தேதி போட்டு, “இந்த வரைபடத்துக்கு ஒப்புதல்” என்று எழுதி அனுப்பினாள்.